'பொருள் வரவில்லை' என்று வங்கி கேட்டால்...

நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் கடைகளில் ஒன்று, சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிப் புடவைகளை ஆன்லைனில் விற்கும் ஒரு பெண்மணியுடையது. ஒரு ஜூலை மாதம் 21-ஆம் தேதி, அவருடைய பேமென்ட் கேட்வே நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜூன் 3-ஆம் தேதி புனேயிலிருந்து வந்த 7,850 ரூபாய் ஆர்டருக்குச் சார்ஜ்பேக் விழுந்திருக்கிறது. காரணம், 'பொருள் கிடைக்கவில்லை'. 28-ஆம் தேதிக்குள் ஆதாரத்துடன் பதில் தர வேண்டும். அன்றைக்குக் கணக்கில் சேர வேண்டிய தொகையிலிருந்து 7,850 ரூபாயை ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள்.

சார்ஜ்பேக் என்பது, கார்டுக்காரர் தன் வங்கியிடம் புகார் சொல்லி, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது. அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குக் கோரிக்கையை அனுப்பும். அங்கிருந்து அது கேட்வேக்கும், கடைசியில் கடைக்காரருக்கும் வந்து சேரும். புகார் செய்யக் கார்டுக்காரருக்குப் பொதுவாக 120 நாள் வரை உண்டு. நமக்கோ ஒரு வாரம், பத்து நாள்தான் கிடைக்கும். கெடு தாண்டினால் கோரிக்கையை நாம் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு.

அந்த அம்மாள் கோபத்தில் எழுதி வைத்திருந்த பதிலை என்னிடம் காட்டினார். 'பொருள் அனுப்பியாகிவிட்டது. வாடிக்கையாளர் பொய் சொல்கிறார். ஓ.டி.பி. போட்டுத்தான் பணம் கட்டினார்.' கூடவே பில்லின் நகல். இதை அனுப்பியிருந்தால் பணம் போயே போயிருக்கும். 'கார்டை வேறு யாரோ பயன்படுத்திவிட்டார்கள்' என்ற புகாராக இருந்தால் ஓ.டி.பி. பேச்சுக்கு மதிப்பு உண்டு. இங்கே கேள்வி அதுவல்ல, பொருள் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான். பணம் கட்டியதை யாரும் மறுக்கவில்லை. பில், விற்றதைக் காட்டுமே தவிர சேர்ந்ததைக் காட்டாது. பதில் எழுத உட்காரும் முன் மின்னஞ்சலில் உள்ள காரணத்தை இரண்டு முறை படியுங்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இனி, டெலிவரி ஆதாரம். அவர் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருந்தார். அஞ்சல் துறையின் டிராக்கிங் பக்கம் ஜூன் 9, பிற்பகல் 2.17-க்குப் பட்டுவாடா ஆனதாகக் காட்டியது. ஆனால் அந்தப் பக்கத்தில் பார்சலின் எண் மட்டும்தான் இருக்கிறது. அது யாருடைய பார்சல் என்று வங்கியில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்வது, பார்சல் போட்டபோது கொடுத்த ரசீது. அதில் அதே எண், பெறுபவர் பெயர், பின்கோடு, எடை எல்லாம் இருக்கின்றன. ஆர்டரில் உள்ள முகவரி, ரசீது, டிராக்கிங் பக்கம் மூன்றையும் இந்த வரிசையில் வைத்தால்தான் சங்கிலி முழுமையாகும். நல்லவேளையாக அவர் ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்திருந்தார். கையில் இருந்த தாளில் எழுத்து பாதி மங்கிவிட்டிருந்தது. தனியார் கூரியர் என்றால், பெற்றவர் கையெழுத்திட்ட பி.ஓ.டி. நகலை உடனே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கார்டு ஒருவர் பெயரில், பார்சல் வேறொருவர் பெயரில். கணவர் கார்டில் மனைவி வாங்குவது சகஜம். பல சமயம் கார்டுக்காரர் மாத அறிக்கையைப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்காமலேயே புகார் செய்துவிடுவார். பதிலில் இதை மறைக்காமல் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

வழக்கைத் தீர்த்தது வாட்ஸ்அப்தான். பட்டுவாடா ஆன அன்று இரவே அந்த வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: 'புடவை வந்துடுச்சு அக்கா. போட்டோல பார்த்த பச்சை இல்ல, கொஞ்சம் டார்க்கா இருக்கு. ஒண்ணு மட்டும் ரிட்டர்ன் எடுத்துப்பீங்களா?' இவர் 'ஏழு நாளுக்குள்ள அனுப்புங்கம்மா' என்றிருக்கிறார். 12-ஆம் தேதி பதில்: 'வேண்டாம்க்கா, நாத்தனாருக்குப் பிடிச்சுப்போச்சு, அவங்க வச்சுக்கறாங்களாம்.' பொருள் கிடைத்ததை வாங்கியவரே சொன்னபிறகு வேறென்ன வேண்டும்?

ஆனால் அவர் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட் உதவாது. மேலே 'புனே கஸ்டமர்' என்று தான் சேமித்த பெயர் இருந்தது, எண் இல்லை. எண்ணைக் காட்டும் பக்கத்தையும் படமெடுத்து, ஆர்டரில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றே என்று காட்டினோம். அரட்டையை 'எக்ஸ்போர்ட்' செய்தால் ஒவ்வொரு செய்தியும் தேதி, நேரத்தோடு வரும். அதையும் வைத்தோம். படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்தோம்.

நிறம் பற்றிய குறையை வெட்டிவிடலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றேன். பாதி அரட்டையை அனுப்பி, மீதியை எதிர்த்தரப்பு காட்டினால் நம் மொத்தப் பதிலுக்கும் நம்பகம் போய்விடும். அந்தக் குறைக்கு நாம் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. விவரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் விற்பவர் மீதுள்ள கடமை.

ஆங்கிலத்தில் நாங்கள் அனுப்பிய பதிலின் சாரம் இவ்வளவுதான்: 'ஜூன் 3 ஆர்டர், 7,850 ரூபாய், இரண்டு புடவைகள். ஆர்டரில் தந்த முகவரிக்கு ஜூன் 4 அன்று ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம் (இணைப்பு 1, 2). ஜூன் 9, பிற்பகல் 2.17-க்குப் பட்டுவாடா ஆனது (இணைப்பு 3). பொருள் வந்ததை வாங்கியவர் அன்றிரவே தெரிவித்தார். 12-ஆம் தேதி, திருப்பி அனுப்பப்போவதில்லை என்றார் (இணைப்பு 4). ஆர்டர் செய்தவர் பெயரும் கார்டுக்காரர் பெயரும் வேறு. பொருள் திரும்ப வரவில்லை, பணமும் திருப்பித் தரப்படவில்லை. எனவே இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை.' பொய், மோசடி என்ற சொல்லே இல்லை. மற்ற வாடிக்கையாளர்களின் பெயரோ எண்ணோ எந்தப் படத்திலும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

இதற்கிடையில் வாடிக்கையாளரே போன் செய்து, 'தெரியாம நடந்துடுச்சு, நேரா கூகுள் பேல அனுப்பிடுங்க, வங்கியில சொல்லிக்கறேன்' என்று சொன்னால் அனுப்பிவிடாதீர்கள். சார்ஜ்பேக் நடக்கும்போது தனியாகவும் பணம் கொடுத்தால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை இழப்பீர்கள். கோரிக்கையை வங்கியில் திரும்பப் பெற்றதற்கான எழுத்தை முதலில் கேளுங்கள்.

பதில் போனதும் விவகாரம் முடிந்துவிடாது. கார்டுக்காரரின் வங்கி ஏற்காமல் மீண்டும் வாதாடலாம். வலையமைப்பின் நடுவர் தீர்ப்பு வரை போனால் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் சிறு தொகைக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே தோற்றாலும் உரிமை முழுதாகப் போய்விடுவதில்லை. பொருளை வாங்கிக்கொண்டு விலை தராதவர் மீது, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி விலையைக் கேட்டு வழக்குத் தொடரலாம். அதற்கு முன் வழக்கறிஞர் நோட்டீஸ் ஒன்று அனுப்பலாம். அதற்கும் இதே ரசீதும் இதே அரட்டையும்தான் ஆதாரம். ஆகவே அந்தச் செய்திகள் உள்ள போனை விற்றுவிடாதீர்கள்.

சின்னாளப்பட்டிக்காரருக்கு செப்டம்பர் முதல் வாரத்தில் 7,850 ரூபாயும் திரும்ப வரவானது. அவர் இப்போது ஒவ்வொரு பார்சல் ரசீதையும் தபால் நிலைய வாசலிலேயே போட்டோ எடுத்து, ஆர்டர் எண்ணின் பெயரில் சேமிக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் கடை வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக அழியும் வசதி போட்டிருந்தால் அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.