திங்கட்கிழமை காலை, ஒரே ஒரு தாள்

மூன்று டாக்டர்கள் பார்க்கும் ஒரு கிளினிக்கில் நிர்வாகம் பார்ப்பவருக்குத் தகவலுக்குப் பஞ்சமே இருக்காது. டோக்கன் நோட்டு, பில் புத்தகம், அப்பாயின்ட்மென்ட் டைரி, யு.பி.ஐ. குறுஞ்செய்திகள் என்று எல்லாம் கையில் இருக்கும். ஆனால், ‘போன வாரம் பேஷன்ட்கள் அதிக நேரம் காத்திருந்தார்களா?’ என்று டாக்டர் கேட்டால், ‘கொஞ்சம் கூட்டம்தான் சார்’ என்பதைத் தாண்டிப் பதில் வராது. இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல விலை உயர்ந்த மென்பொருள் வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது புதிய எக்செல், ரிசப்ஷனில் ஒரு கணினி, திங்கள் காலையில் அரை மணி நேரம் இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் அடங்கும் வாராந்தர டேஷ்போர்டு தயாராகிவிடும்.

அதில் ஐந்து எண்களுக்கு மேல் வேண்டாம். அந்த வாரம் கொடுத்த டோக்கன், காத்திருந்த நேரம், ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள், வராமலோ பார்க்காமலோ போனவர்கள், போட்ட பில்லுக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம். முதலும் கடைசியும் ஏற்கெனவே நோட்டில் இருப்பவை, கூட்டிப் போட்டால் போதும். பணக் கணக்கில் மட்டும் பில் போட்ட தேதியை வைத்துக் கூட்டுவதா, பணம் வந்த தேதியை வைத்தா என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் மூன்றும் காத்திருப்பைப் பற்றியவை. உழைப்பு கேட்பவையும், ஏமாற்றக்கூடியவையும் அவைதான்.

எட்டுக் கட்டங்கள்

டேஷ்போர்டின் அடித்தளம் ரிசப்ஷனில் தினமும் நிரப்பும் ஒரு ஷீட். அதற்கு `log` என்று பெயர் வைப்போம். ஒரு டோக்கனுக்கு ஒரு வரி. A-ல் தேதி, B-ல் டோக்கன் எண், C-ல் டாக்டர், D-ல் வரச்சொன்ன நேரம், E-ல் வந்த நேரம், F-ல் டாக்டர் அறைக்குள் போன நேரம். பேஷன்ட் பெயரும் செல்போன் எண்ணும் இதில் வேண்டாம். காத்திருப்பைக் கணக்கிட அவை தேவையில்லை. பலர் பார்க்கும் ஷீட்டில் உடல்நலத் தகவலோடு பெயரைச் சேர்த்து வைப்பது தேவையில்லாத ஆபத்து.

G-யும் H-ம் தானே நிரம்பிக்கொள்ளும். G காத்திருந்த நிமிடங்கள், H அந்த வாரத்தின் திங்கட்கிழமைத் தேதி.

```
G2: =IF(F2="","",(F2-MAX(D2,E2))*1440)
H2: =A2-WEEKDAY(A2,2)+1
```

ஷீட்டில் ஒரு நாள் என்பது 1. அதனால்தான் நிமிடமாக மாற்ற 1440-ஆல் பெருக்குகிறோம். `MAX` எதற்கு? ஆறரைக்கு வரச் சொன்னவர் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் கிளினிக்கின் தாமதம் ஆகாது. வரச்சொன்ன நேரம், வந்த நேரம் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். நேராக வந்து டோக்கன் வாங்குபவருக்கு D காலியாக இருக்கும், அப்போது வந்த நேரமே கணக்குக்கு வரும். இந்த விதியை முதலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பாதி வழியில் விதியை மாற்றினால் பழைய வாரங்களோடு ஒப்பிட முடியாது.

இரண்டாவது ஷீட்தான் டேஷ்போர்டு. அதன் A பத்தியில் திங்கட்கிழமைத் தேதிகளை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் இவற்றை எழுதலாம்:

```
=MEDIAN(FILTER(log!G:G,log!H:H=A2))
=COUNTIFS(log!H:H,A2,log!G:G,">60")
=COUNTIFS(log!H:H,A2,log!E:E,"<>",log!F:F,"")
```

முதலாவது காத்திருப்பின் இடைநிலை அளவு. இரண்டாவது ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்கள். மூன்றாவது, வந்து உட்கார்ந்துவிட்டு டாக்டரைப் பார்க்காமலே கிளம்பியவர்கள். வரச் சொல்லியும் வராதவர்களுக்கு இதே போல இன்னொரு வரி, அவர்களுக்கு D நிரம்பியிருக்கும், E காலியாக இருக்கும்.

சராசரி ஏன் கூடாது?

ஒரு மாலையில் ஒன்பது பேர் காத்திருந்த நிமிடங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 12, 15, 18, 20, 22, 25, 28, 30, 145. கடைசியாக இருந்தவர் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பியவர். இதன் சராசரி 35 நிமிடம். ஆனால், ஒன்பதில் எட்டுப் பேர் 30 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட்டார்கள். வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 22 வருகிறது. அன்றைய மாலை எப்படி இருந்தது என்று கேட்டால் 22 என்பதே நியாயமான பதில்.

ஆனால், இடைநிலை அளவு அந்த 145-ஐ முழுக்க மறைத்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே ‘ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள்’ என்ற எண்ணும் நிற்க வேண்டும். பார்க்காமல் போனவர்களின் எண்ணிக்கையும் அப்படியே. கூட்டம் தாங்காமல் பத்துப் பேர் எழுந்து போய்விட்டால் அவர்களுக்கு G காலி, காத்திருப்புக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். பின்னால் இருப்பவர்கள் சீக்கிரம் உள்ளே போவார்கள். காத்திருப்பு குறைந்தது போலத் தெரியும், உண்மையில் குறைந்தது பேஷன்ட்கள். காத்திருப்பு இறங்கிய வாரத்தில் இந்த எண் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம்.

47-ஐப் பார்த்துத் திட்டலாமா?

எட்டு வாரம் ஓடிய பிறகு இடைநிலை அளவு இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: 34, 31, 38, 33, 36, 35, 47, 34. ஏழாவது வாரம் 47-ஐப் பார்த்து மேனேஜர் ரிசப்ஷனைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்கிறார். அடுத்த வாரம் 34. திட்டியது வேலை செய்தது என்று நினைப்பார். பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது. ஒரு டாக்டர் இரண்டு நாள் லீவில் இருந்திருக்கலாம், காய்ச்சல் கூட்டம் வந்திருக்கலாம். அது கடந்ததும் எண் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

எந்த ஏற்ற இறக்கம் வழக்கமானது, எதற்குத் தனிக் காரணம் உண்டு என்று பிரித்துப் பார்க்கும் வழியை 1924-ல் வால்டர் ஷூவார்ட் அமெரிக்கத் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலைக்காக வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதன் எளிய வடிவம் கிளினிக்குக்குப் போதும். எட்டு வாரங்களின் எண்களையும் கோட்டுப்படமாகப் போட்டு, அவற்றின் இடைநிலை அளவான 34.5-ல் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். ஒரு புள்ளி தனியாகத் துள்ளினால் என்ன நடந்தது என்று விசாரித்து, ஓரத்தில் ஒரு வரி குறித்துவிட்டு விடலாம். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால்தான் ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணிலிருந்து வேலைக்கு

எட்டாவது வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்கள் 38 பேர் என்று வைப்போம். இதை டாக்டர் வாரியாகப் பிரித்தால் 30 பேர் தோல் டாக்டருடையவர்கள். அவர் செவ்வாய், வெள்ளி மாலை மட்டும் வருகிறார். டைரியைத் திறந்தால் காரணம் கண்ணில் படும். இருபது பேருக்கும் ‘அஞ்சு மணிக்கு வாங்க’ என்றே சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் பார்க்கத் தொடங்குவது 5:25. ஒருவருக்கு எட்டு நிமிடம் ஆகிறது. முதல் ஆள் 25 நிமிடம் காத்திருக்கிறார், இருபதாவது ஆள் 177 நிமிடம். நடுவில் இருப்பவர்களின் காத்திருப்பு 101 நிமிடம். ஆறாவது டோக்கனிலிருந்து எல்லோருமே ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு மாலைக்கு 15 பேர், இரண்டு மாலைக்கு 30.

இப்போது 5:30-க்கு நான்கு பேர், 6 மணிக்கு நான்கு பேர் என்று அரை மணிக்கு ஒரு தொகுதியாக வரச் சொல்லிப் பாருங்கள். டாக்டரின் தொடக்கமும் 5:30 என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 32 நிமிடம் ஆகும் என்பதால் ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு நிமிடம் பின்தங்கும். அப்படியும் கடைசித் தொகுதியின் கடைசி ஆள் காத்திருப்பது 32 நிமிடம்தான், இடைநிலை அளவு 16. டாக்டர் பார்க்கும் ஆட்களும் குறையவில்லை, அவர் வேலை செய்யும் நேரமும் கூடவில்லை.

நடைமுறை இந்தக் கணக்கைப் போல ஒழுங்காக இருக்காது. ஒருவருக்கு நான்கு நிமிடம், ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும். சிலர் தாமதமாக வருவார்கள். அதனால்தான் தொகுதிக்கு ஒருவர் என்று இல்லாமல் நான்கு பேராக வரச் சொல்கிறோம், ஒருவர் பிந்தினாலும் டாக்டர் சும்மா இருக்க நேராது. ஆனால், டாக்டர் 5:30-க்கு வராவிட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது. மாற்றத்துக்குப் பிறகு கிளினிக்கின் வாராந்தர எண் 29, 30, 26, 31, 28, 27 என்று வந்தால், ஆறும் 34.5-க்குக் கீழே. இப்போது சொல்லலாம், மாறிவிட்டது என்று. கோட்டைப் புதிய இடத்தில் இழுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

எண் பொய் சொல்லும் இடங்கள்

நாம் கையால் எழுதும்போது ஒன்பது நாற்பதை 9.40 என்று புள்ளி வைத்து எழுதுவோம். ஷீட்டுக்கு அது நேரம் இல்லை, 9.4 என்ற எண். 9.40-க்கு வந்து 10.05-க்கு உள்ளே போனவர் 25 நிமிடம் காத்திருக்க, G-யில் 936 என்று விழும். 9:40 என்று இரட்டைப் புள்ளியே வைக்க வேண்டும். இன்னொன்று, மதியம் 12:50-க்கு வந்து 1:10-க்கு உள்ளே போனால், ஷீட் 1:10-ஐ அதிகாலையாக எடுத்துக்கொண்டு மைனஸ் 700 காட்டும். 13:10 என்று எழுதினால் சரியாகும். விண்டோஸ் கணினியில் `Ctrl+Shift+;` அழுத்தினால் அந்தக் கணத்தின் நேரம் தானாக விழும், இரண்டு தவறுமே வராது. G-யில் 240-க்கு மேலோ மைனஸ் 60-க்குக் கீழோ வரும் கட்டங்கள் சிவப்பாகும்படி வைத்துவிட்டால் திங்கள் காலையில் அவை கண்ணில் பட்டுவிடும். மைனஸ் பத்து, பதினைந்து என்றால் கவலை வேண்டாம், சொன்ன நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள் என்று பொருள்.

இதைவிடப் பிடிபடாத தவறு ஒன்று உண்டு. கூட்ட நேரத்தில் எழுதாமல் விட்டு, இரவு கிளினிக் மூடும்போது நினைவில் இருந்து நிரப்புவது. எண்ணைக் காட்டித் திட்டும் பழக்கம் இருந்தால், வந்த நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளிப் போடுவதும் நடக்கும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உடனுக்குடன் எழுதிய நேரங்களின் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை பரவி இருக்கும். பின்னால் நிரப்பியவை பெரும்பாலும் 0-விலும் 5-லும் முடியும். சந்தேகம் வந்தால் மாதத்தில் ஒரு மாலை மேனேஜரே காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, பதினைந்து டோக்கன்களுக்கு வந்த நேரத்தையும் உள்ளே போன நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ஷீட்டோடு இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் பொருந்தினால் அந்தத் தாளை நம்பி டாக்டரிடம் பேசலாம். பொருந்தாவிட்டால் வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, நேரம் எழுதும் வேலையைக் கூட்ட நேரத்தில் யார் செய்வது என்பதை முதலில் தீர்க்க வேண்டும். கம்பவுண்டர் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போதே அவர் பக்கத்தில் இருக்கும் செல்போனில் குறிக்கலாம் என்று ஏற்பாடு செய்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.