45 சொல்லை 15 ஆக்குவது எப்படி?

கெர்லிங்கில் இருக்கும் என் அக்கா மகளுக்குச் சுருக்கி எழுதுவதென்றாலே தலைவலி. பல ஆண்டுகளாக எஸ்.பி.எம். மலாய்த் தாளின் ‘ரூமுசான்’ பகுதியில் 120 சொல்தான் எல்லை. தமிழிலும் இதே பயிற்சி உண்டு. வானொலியில் செய்தியை நொடிக்கணக்கில் குறைப்பது என் அன்றாட வேலை என்பதால், உள்ளூர் விஷயம் ஒன்றை எழுதிக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்காக்கச் சொன்னேன்.

“பால்மரம் சீவுவோர் பொழுது விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். கெர்லிங் வட்டாரத்துப் பாட்டிமார் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் உண்டு. குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் அதிகம் வடியும். வெயில் ஏறினால் வடிவது குறையும். மழை பெய்தால் பால் மங்கில் சேராமல் ஈரப்பட்டையில் வழிந்து வீணாகும். அதனால் நவம்பர், டிசம்பர் போன்ற மாதங்களில் சீவும் நாள்கள் குறைந்து வருமானமும் சரியும்.”

இது 45 சொல். அவள் எழுதியது இது: “பாட்டிமார் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரம் சீவினர், நவம்பர், டிசம்பரில் மழையால் வருமானம் குறைந்தது.”

12 சொல்தான், எல்லை மீறவில்லை. ஆனால் ஏன் விடியுமுன் போகிறார்கள் என்று கேட்டால் இதில் பதில் இல்லை. விளக்கு மனத்தில் ஒட்டிக்கொண்டது, காரணம் கழன்றுவிட்டது. சுருக்கம் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒவ்வொரு வரியையும் மறைத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்கு வரியை மறைத்தால் பத்தியின் வாதம் அப்படியே நிற்கிறது. அது எடுத்துக்காட்டு, போகலாம். குளிர் வரியை மறைத்தால் விடியுமுன் இறங்கும் காரணமே போய்விடுகிறது. அது கருத்து, இருக்க வேண்டும். ‘போன்ற’ என்ற சொல்லுக்கு முன்னால் வரும் பெயர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகள்தான். இங்கே மழை என்றாலே போதும், மாதப் பெயர்கள் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சில பத்திகளில் பொதுக் கருத்தே இருக்காது. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் விலை ஏறியது என்று மட்டும் இருக்கும். அங்கே பெயர்களை வெறுமனே நீக்கினால் கருத்தும் போய்விடும். ‘பழங்களின் விலை’ என்று பொதுப்பெயரால் மாற்ற வேண்டும்.

பிறகு சொற்கணக்கு. ‘வடிகின்ற காரணத்தினால்’ இரண்டு சொல், ‘வடிவதால்’ ஒன்று. இது நியாயமான சிக்கனம். ‘மரம்சீவுகின்றனர்’ என்று தனிச் சொற்களை ஒட்டி எழுதுவது கணக்கை ஏமாற்றுவது.

அவளது அடுத்த முயற்சி: “குளிரில் பால் அதிகம் வடிவதால் விடியுமுன்பே மரம் சீவுகின்றனர், வெயிலில் அது குறையும், மழையில் பால் வீணாகி வருமானம் சரியும்.”

எண்ணிப் பாருங்கள், சரியாக 15. மூலப் பத்தியைப் படிக்காதவருக்கும் ‘ஏன்’ என்பது புரிகிறது.