10 கே.பி.யைத் தொடாத கையெழுத்து

ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கித் தேர்வுகளுக்கான அறிவிப்பில், புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள்ளும் கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள்ளும் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். புகைப்படத்துக்கு 200க்கு 230 பிக்சல், கையெழுத்துக்கு 140க்கு 60 பிக்சல் என்ற நீள அகலக் கணக்கும் அதிலேயே உண்டு. படிப்பவர் கண்ணில் முதலில் படுவது மேல்வரம்புதான். ஆனால் 4 எம்.பி. படத்தைச் சுருக்குவதற்கு ஆயிரம் வழிகள் இருக்கின்றன. விண்ணப்பம் பலமுறை திரும்புவது கீழ்வரம்பால்.

கையெழுத்தையே எடுத்துக்கொள்வோம். 140க்கு 60 என்றால் மொத்தம் 8,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். சுருக்காமல் அப்படியே வைத்தாலும் 25,200 பைட், அதாவது ஏறக்குறைய 25 கே.பி.தான். இதை ஜேபெக் முறை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. எதுவும் எழுதாத வெள்ளைச் சதுரத்துக்கு அது செலவழிக்கும் இடம் மிகச் சொற்பம். கையெழுத்துப் படத்தில் பெரும்பகுதி வெற்றுத்தாள் என்பதால், வழக்கமான தரத்தில் சேமித்தால் சில கே.பி.யிலேயே முடிந்துவிடும். சொன்ன அளவை அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தவரின் கோப்புதான் 10 கே.பி.க்குக் கீழே நின்றுபோகிறது.

இதற்கு வழி அறிவிப்பிலேயே இருக்கிறது. அந்தப் பிக்சல் அளவுக்குப் பக்கத்தில் preferred என்று இருக்கும், விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. ஆகவே ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தை மாற்றாமல் நீளத்தையும் அகலத்தையும் மூன்று மடங்காக்கி, 420க்கு 180 என்று வைத்துப் பார்க்கலாம். போதவில்லை என்றால் 560க்கு 240. (பிக்சல் அளவைக் கட்டாயமாக்கும் தேர்வுகளும் உண்டு. அங்கே அளவைத் தொடாமல், சேமிக்கும் தரத்தை மட்டும்தான் ஏற்ற முடியும்.)

செய்யும் வரிசை முக்கியம். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு, பகல் வெளிச்சத்தில் கைபேசியை நேராகப் பிடித்துப் படமெடுங்கள். முழுவதும் பெரிய எழுத்தில் போட்ட கையெழுத்தை ஏற்கமாட்டார்கள். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து, கையெழுத்தை ஒட்டி ஏழுக்கு மூன்று விகிதத்தில் வெட்டுங்கள். அடுத்து Levels வழியாகத் தாளின் சாம்பல் நிழலை வெள்ளையாக்குங்கள். இதைக் கடைசிக்கு ஒத்திவைக்கக் கூடாது. தாளின் சொரசொரப்பும் நிழலும் இடத்தைப் பிடிப்பவை. அவை போனால் கே.பி. இறங்கும், முன்பு பார்த்துவைத்த கணக்கு பிசகும். பிறகு Scale Image மூலம் 420க்கு 180 ஆக்கி, Export As கொடுத்து, ஜேபெக்காகச் சேமிக்கும்போது Show preview in image window என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். Quality அளவை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். 10க்கும் 20க்கும் நடுவே, 15ஐ ஒட்டி நிறுத்துவது நல்லது. விளிம்பில் நிறுத்தினால், 1 கே.பி. என்பதை 1,000 பைட் என்று கொள்வதா 1,024 என்று கொள்வதா என்ற வேறுபாடே காலை வாரிவிடும்.

புகைப்படத்துக்கும் இதே வழிதான். 3000க்கு 4000 பிக்சலில் எடுத்த படம் என்றால் முகமும் தோளும் அடங்க 2000க்கு 2300 என்று வெட்டிக்கொண்டு 200க்கு 230 ஆக்குங்கள். பின்னணி வெறும் வெள்ளை என்பதால் இதுவும் 20 கே.பி.க்குக் கீழே இறங்கக்கூடும். இறங்கினால் 300க்கு 345 வையுங்கள். விகிதம் மாறாது, முகமும் தெளிவாக இருக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: ஒவ்வொரு முயற்சியையும் மூலப்படத்திலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக் சுருக்கும்போது தூக்கிப்போட்ட விவரம் திரும்ப வராது. 3 கே.பி. ஆகிவிட்ட கையெழுத்தை இழுத்துப் பெரிதாக்கி 12 கே.பி. ஆக்கினால் படிவம் வாங்கிக்கொள்ளும். ஆனால் கோடுகளைச் சுற்றிச் சாம்பல் புள்ளிகள் மொய்க்கும், வளைவுகள் படிக்கட்டு போல உடையும். தேர்வு மையத்தில் நீங்கள் போடும் கையெழுத்தை அதோடுதான் ஒப்பிடுவார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவும் ஒருமுறை சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சுருக்கித் தரும் இணையதளங்கள் ஏராளம். முகமும் கையெழுத்தும் சேர்ந்தே அங்கே போய்ச் சேர்கின்றன என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டேன். பதிவேற்றியதும் படிவம் காட்டும் முன்னோட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்களும் கையெழுத்தின் கடைசிச் சுழியும் தெளிவாகத் தெரிந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.