அதே மாஸ்டர், அதே மாவு, வேறு வடை

‘எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை’ என்று பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கும் பலகாரக் கடைகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அதே பெயரில் கடை போடும் போலிகளை மனதில் வைத்து எழுதியதுதான். ஆனாலும் அதைப் படிக்கிற வாடிக்கையாளருக்கு ஒரு நிம்மதி: இன்னொரு கடை என்று போனால்தானே ருசி கெடும்!

அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு இரண்டாவது கடை திறப்பவர்கள் ‘அதே சுவை, அதே தரம்’ என்று புதுப் பலகை மாட்டுகிறார்கள். சில மாதங்களில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, “என்னண்ணே, பழைய கடை வடை மாதிரி இல்லையே” என்கிறார். முதலாளி தண்ணீரைக் குறை சொல்வார், மாஸ்டர் உளுந்தைக் குறை சொல்வார். காசு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலும் கோளாறு இருப்பது எண்ணெய்ச் சட்டியில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய கடையில் நாளுக்கு 1,000 உளுந்து வடை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வடை சுமார் 5 கிராம் எண்ணெய் குடித்தால், 1,000 வடைக்கு 5 கிலோ, அதாவது ஏறக்குறைய ஐந்தரை லிட்டர். சட்டியில் இருப்பது 15 லிட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்றன்றைக்கே வடையோடு வெளியே போய், அந்த இடத்தில் புது எண்ணெய் வந்து சேர்ந்துவிடுகிறது. கூட்டம்தான் அங்கே எண்ணெயைப் புதிதாக வைத்திருக்கிறது.

புதுக் கடையில் ஆரம்பத்தில் 150 வடைதான் போகிறது. அதற்குச் செலவாகும் எண்ணெய் ஒரு லிட்டர்கூட இல்லை. ஆனால் ‘எல்லாம் பழைய கடை மாதிரியே இருக்க வேண்டும்’ என்று அதே 15 லிட்டர் சட்டியை அங்கேயும் வைத்திருப்பார்கள். எண்ணெயில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் மாறுகிறது. ஆள் எப்போது வருவார் என்று தெரியாததால் அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கும். வடை போடாத நேரத்திலும் சூட்டில் கிடக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுகிறது. இரண்டு மூன்று நாளில் நிறம் கறுக்கும், கொஞ்சம் பிசுபிசுக்கும். வடை போட்டதும் எழும் நுரை வடையை எடுத்த பிறகும் அடங்காது. வழக்கமான சூட்டிலேயே புகை வர ஆரம்பிக்கும். அந்தச் சட்டியில் எந்த மாஸ்டர் போட்டாலும் வடை வெளியே சீக்கிரம் சிவந்துவிடும், வாயில் காறல் நிற்கும்.

இது ருசியோடு முடிகிற விஷயமும் இல்லை. எண்ணெய் கெடக் கெட அதில் சேரும் கழிவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2018 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எண்ணெயில் முக்கியெடுத்து அந்த அளவைக் காட்டும் கையடக்கக் கருவியும் விற்கிறது.

தீர்வு எளிது: புதுக் கடைக்குச் சின்னச் சட்டி. 5 லிட்டர் சட்டி என்றால் அதே 150 வடைக்கே ஆறில் ஒரு பங்கு எண்ணெய் தினமும் மாறும். வியாபாரம் மந்தமான நேரத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். சின்னச் சட்டி சூடேற அதிக நேரம் எடுக்காது. சாயங்காலம் தூளை வடிகட்டி, மீதி எண்ணெயை மறுநாளுக்கு இழுக்காமல் கழித்துவிட்டாலும் நஷ்டம் தாங்கக்கூடியது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. பெரிய சட்டியில் ஒரு ஈட்டுக்கு இருபது வடை போட்டுப் பழகிய கை, இதில் ஐந்தாறோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கி, வடை வேகாமல் எண்ணெயைக் குடித்துவிடும்.

சட்டிக்கு அடுத்தது மாவு. ‘ஒரே இடத்தில் அரைத்து இரண்டு கடைக்கும் அனுப்பினால் ருசி ஒன்றாக இருக்கும்’ என்று தோன்றும். முறுக்கு, காராசேவு, மிக்சருக்கு இது சரி. நன்றாக ஆறவைத்து, காற்றுப் புகாமல் கட்டி அனுப்பினால் மொறுமொறுப்புக் குறையாது. சூட்டோடு கட்டினால்தான் உள்ளே வேர்த்து நமுத்துப்போகும். உளுந்து வடைக்கு இந்த வழி ஒத்துவராது. மாவை அரைக்கும்போது உள்ளே சேரும் காற்றுதான் வடையைப் பஞ்சு போலாக்குகிறது. ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்று மாஸ்டர்கள் பார்ப்பது அதற்காகத்தான். அந்த மாவை டிரம்மில் ஊற்றி வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியில் குலுக்கிக்கொண்டு போனால் காற்று போய்விடும், மாவு நீர்த்துப் புளிக்கவும் தொடங்கும். கல் மாதிரி இருக்கிறது, எண்ணெய் வழிகிறது என்கிற இரண்டு புகாரும் அங்கிருந்தே வரும்.

ஆகவே மாவுக்குப் பதில் உளுந்தை அனுப்புவது நல்லது. ஒரே மூட்டை உளுந்து, கிலோ கணக்கில் எடை போட்டுக் கட்டிய பொட்டலம். உப்பு, மிளகு, சீரகம் தனிப் பொட்டலம். ஊறவைக்கும் நேரம் இரண்டு கடைக்கும் ஒன்றே. அரைப்பது புதுக் கடையில், வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக. கிரைண்டர் சூட்டில் மாவு சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கலாம். உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னால் போட்டால் மாவு இளகிவிடும். தேங்காய்ச் சட்னியும் அந்தந்தக் கடையிலேயே, சின்ன அளவில்.

இதையெல்லாம் எடை போட்டுச் செய்ய, எடை தெரிந்திருக்க வேண்டுமே! சரக்கு மாஸ்டருக்கு எல்லாம் கைக்கணக்கு. ‘ஒரு கை உப்பு’ எத்தனை கிராம் என்று அவருக்கே தெரியாது. புதுக் கடை திறக்க ஒரு மாதம் இருக்கும்போதே அவர் பக்கத்தில் ஒரு தராசோடு ஆளை நிறுத்தி, அவர் அள்ளுவதைப் பாத்திரத்தில் விழும் முன் எடை பார்த்துத் தினமும் எழுதிவர வேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அதன் சராசரிதான் கடையின் அளவு. பெரிய மாஸ்டரைப் புதுக் கடைக்கு அனுப்பிவிட்டு, பழைய கடையைக் கை ஆளிடம் விடுவது பலர் செய்வது. அப்போது பழைய கடையிலும் பெயர் கெடுகிறது. இருவரையும் வாரம் மாற்றி இரண்டு கடையிலும் நிறுத்தினால், மாஸ்டரின் கைப்பக்குவம் கை ஆளுக்கும் வந்து சேரும்.

‘ஒரே ருசிதான்’ என்று முதலாளி நாக்கு சொன்னால் போதாது. உணவுத் துறையில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கடை வடையையும் ஒரே முறையில் பொரித்து, ஒரே சூட்டில் மூன்று தட்டில் வையுங்கள். இரண்டு தட்டில் ஒரு கடையின் வடை, மூன்றாவதில் மற்றக் கடையின் வடை. எது என்று சொல்லாமல், பழைய வாடிக்கையாளர் பத்துப் பேரைத் தனித்தனியே அழைத்து, ‘மூன்றில் வேறாக இருப்பது எது?’ என்று கேளுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்று நான்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஏழு பேருக்கு மேல் கண்டுபிடித்தால் வித்தியாசம் நிஜம், திறப்பு விழாவைத் தள்ளிப்போடலாம்.

புதுக் கடைக்குத் தனியாக உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ வாங்க வேண்டும். பழைய கடையின் எண் அங்கே செல்லாது.

வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தை. புதுக் கிளையின் தரத்தைத் திறப்பு விழா அன்று எடை போடாதீர்கள். அன்று கூட்டம் இருக்கும், எண்ணெயும் புதிது. ஒரு மாதம் கழித்து, கடை காற்று வாங்கும் மத்தியானம் மூன்று மணிக்குப் போய் ஒரு வடை வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள்.