நீலத் தாள் திரும்பி வந்ததா?

கோவையில் வண்டி உதிரிபாகங்களுக்கு குரோம் முலாம் பூசும் சின்னப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாகங்களைக் கழுவிய தண்ணீரில் குரோமியம் கலந்திருக்கும். சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு அதன் நச்சைத் தணித்து, பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் குரோமியம் சேறாக அடியில் படிகிறது. நாளுக்கு 5 கிலோ, மாதத்தில் 25 வேலை நாள் என்று வைத்தால், மூன்று மாதத்தில் 375 கிலோ சேறு சேரும்.

அதைப் பட்டறையிலேயே போட்டு வைக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் தரும் கெடு 90 நாள். ஆண்டுக்கு 10 டன்னுக்குள் கழிவு உண்டாக்கும் சிறு பட்டறைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். அதுவரை உண்டாகும் கழிவைப் படிவம் 3இல் எழுதி வர வேண்டும். டிரம்களின் மேல் பளிச்சென்ற மஞ்சள் லேபிள். அதில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை.

லாரி வரும் நாளில்தான் முக்கியமான காகிதம் பிறக்கிறது. படிவம் 10 எனப்படும் இந்த மேனிஃபெஸ்டுக்கு ஏழு நிறத்தில் ஏழு பிரதிகள். அனுப்பும் பட்டறைக்காரர் ஏழிலும் கையெழுத்திடுகிறார். வெள்ளை வாரியத்துக்குப் போகிறது. ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிய மஞ்சள் பட்டறையில் தங்குகிறது. மற்ற ஐந்தும் டிரம்களோடு லாரியில் ஏறுகின்றன.

கும்மிடிப்பூண்டி போன்ற சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் லாரியை எடை போடுகிறார்கள். மாதிரி எடுத்து, காகிதத்தில் எழுதியிருக்கும் கழிவுதானா என்று சோதிக்கிறார்கள். அப்படியே புதைத்தால் நச்சு கசியும் என்று தெரிந்தால், சிமென்ட், சுண்ணாம்பு போன்றவற்றைக் கலந்து இறுக்கிய பிறகே நிலநிரப்புக்கு அனுப்புகிறார்கள். ஏற்றுக்கொண்ட நிலையம் இளஞ்சிவப்புப் பிரதியை வைத்துக்கொண்டு, ஆரஞ்சை லாரிக்காரரிடம் கொடுக்கிறது, பச்சையை வாரியத்துக்கு அனுப்புகிறது. சாம்பல் நிறப் பிரதி, கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்தால் அந்த மாநில வாரியத்துக்கு.

மிஞ்சுவது நீலம். அது பட்டறைக்கே திரும்ப வேண்டும். மஞ்சள் தாள் சொல்வது டிரம் புறப்பட்டது என்பதை மட்டும்தான். போய்ச் சேர்ந்தது என்பதை நீலமே சொல்கிறது. அது வராவிட்டால் பட்டறைக்காரர் சும்மா இருக்கக் கூடாது. லாரிக்காரரையும் நிலையத்தையும் விசாரித்து, வாரியத்துக்கும் தெரிவிப்பதே அவருக்குப் பாதுகாப்பு. வந்த நீலத்தில் எடை குறைந்திருந்தாலும் கேட்க வேண்டும். ஈரச் சேறு வழியில் கொஞ்சம் உலர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு முழு டிரம் உலர்ந்து மறையாது.

இந்தக் காகிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. லாரியில் ஏறாத சேற்றை அது பின்தொடராது. இரவோடு இரவாக ஓடையில் கொட்டியதற்கு எந்த நிறத்திலும் தாள் இல்லை. அங்கே கைகொடுப்பது சுண்ணாம்பு ரசீது. சுண்ணாம்பு வாங்கிய அளவு முன்போலவே இருக்க, படிவம் 3இல் சேறு பாதியாகக் குறைந்திருந்தால் அதிகாரி கேள்வி கேட்கத் தொடங்கலாம். சுண்ணாம்பும் சேறும் சேர்ந்தே குறைந்து, முலாம் வேலை மட்டும் அப்படியே நடந்தால், தண்ணீர் சுத்திகரிக்கப்படாமலே வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கான படிவம் 4ஐ ஜூன் 30க்குள் வாரியத்திடம் தர வேண்டும். ஆண்டு முழுக்க உண்டானது, அனுப்பியது, கையிருப்பு மூன்றும் அதில் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அனுப்பிய அளவுக்கு ஆதாரம் நீலத் தாள்களின் கூட்டுத்தொகை.