நகரும் செல், நகராத செல்

எக்செல் ஃபார்முலாவில் B2 என்று எழுதினாலும், காப்பி செய்யும்போது கணக்கில் வருவது அந்தச் செல் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்பதுதான். அதனால் ஃபார்முலா இடம் மாறினால் அது பார்க்கும் செல்லும் மாறுகிறது.

விலைகள் B நெடுவரிசையிலும், 18% வரி E1-இலும் இருக்கட்டும். C2-இல் `=B2*E1` சரியான வரியைத் தரும். அதையே ஒரு வரிசை கீழே இழுத்தால் `=B3*E2` ஆகிவிடும். E2 காலியாக இருப்பதால் விடை 0. E2-இல் வேறோர் எண் இருந்தால்தான் பெரிய ஆபத்து. பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தவறான தொகை சரியானதுபோல நிற்கும்.

C2-ஐத் திருத்தும் நிலையில் கர்சரை E1 மேல் வைத்து F4 விசையை அழுத்தினால் இப்படி மாறும்:

```
=B2*$E$1
```

இனி எங்கே இழுத்தாலும் E1 நகராது. B2 மட்டும் B3, B4 என்று இறங்கும். மேலும் அழுத்தினால் `E$1` வரிசையை மட்டும், `$E1` நெடுவரிசையை மட்டும் பூட்டும். அடுத்த அழுத்தலில் பூட்டு விலகும். சில லேப்டாப்களில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.