எந்த ரேக் யாருக்கு?

கிடங்குக்கு ரேக் வாங்குபவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை பேலட் அடுக்கலாம்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, ஒவ்வொரு சரக்கிலும் எத்தனை பேலட் இருக்கிறது என்பது.

செலக்டிவ் ரேக்கில் எந்தப் பேலட்டையும் எப்போதும் நேராக எடுக்கலாம். அதற்கு விலையாக இடத்தைக் கொடுக்கிறோம். 'ரீச் டிரக்' ஓட ஏறக்குறைய மூன்று மீட்டர் பாதை வேண்டும். அதன் இருபுறமும் நிற்கும் ரேக்குகள் சேர்ந்து இரண்டரை மீட்டர்தான். தரையில் பாதிக்கு மேல் பாதைக்கே போய்விடும்.

அந்தப் பாதைகளைக் குறைப்பதுதான் டிரைவ்-இன். ஃபோர்க்லிஃப்ட் ரேக்குக்குள்ளேயே நுழைந்து, இருபக்கத் தண்டவாளங்களின் மேல் பேலட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கும். வண்டி உள்ளே போக, முன்னால் உள்ள எல்லா அடுக்குகளும் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு சந்தில் ஒரே சரக்கைத்தான் வைக்க முடியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு குளிர்பான விநியோகஸ்தரின் கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஆறு பேலட் ஆழம், நான்கு அடுக்கு என்றால் ஒரு சந்தில் 24 பேலட். மாம்பழச் சாறு 30 பேலட் வருகிறது. இரண்டு சந்துகள், அதாவது 48 இடம் அதற்கே ஒதுங்கும். 18 இடம் காலியாகக் கிடந்தும் வேறு எதையும் வைக்க முடியாது. பன்னீர் சோடா மூன்றே பேலட் என்றால், அதற்காக 21 இடம் முடங்கும். வரைபடத்தில் நிறையக் கொள்ளும் ரேக், நடைமுறையில் பாதி காலியாக நிற்கும்.

புஷ்-பேக் இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்க்கிறது. முன்பக்கம் சற்றுச் சரிந்த தண்டவாளங்களில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சக்கரத் தள்ளுவண்டிகள் இருக்கும். புதுப் பேலட்டை வைக்கும்போது அது பழையதைப் பின்னுக்குத் தள்ளும். எடுத்தால் பின்னாலிருப்பது தானாக முன்னே உருண்டு வரும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போவதில்லை. ஒவ்வொரு அடுக்கும் தனிச் சந்து என்பதால், நான்கு பேலட் ஆழத்தில் மாம்பழச் சாறுக்கு எட்டுச் சந்து, 32 இடம், வீணாவது இரண்டே. சோடாவுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் ஓர் இடத்துக்கான விலை மற்ற இரண்டையும் விட அதிகம். ஓட்டுநர் அவசரமாகப் பின்வாங்கினால் பின்வரும் பேலட் வேகமெடுத்து மோதும். அடிப்பலகை உடைந்த பேலட்டைச் சந்துக்குள் விடவே கூடாது, நடுவில் சிக்கிக்கொள்ளும்.

டிரைவ்-இன்னில் அடிபடுவது தூண்கள். குறுகிய சந்தில் வண்டி உரசி உரசித் தூணின் கீழ்ப்பகுதி வளையும். சிறு வளைவு தெரிந்தாலும் அந்தத் தூணின் இருபுறச் சந்துகளையும் காலி செய்துவிட்டுத்தான் பழுதுபார்க்க வேண்டும்.

இரண்டிலும் கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வரும். காலாவதித் தேதி உள்ள சரக்கென்றால், ஒரு சந்தை முழுதும் காலி செய்த பிறகே மீண்டும் நிரப்புங்கள். இல்லாவிட்டால் பழைய சரக்கு உள்ளேயே தங்கிவிடும்.

விலைப்புள்ளி கேட்கும் முன், சரக்குவாரியாகப் பேலட் எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டு பேலட் உள்ளவை செலக்டிவுக்கு, ஐந்தாறிலிருந்து முப்பது நாற்பது வரை உள்ளவை புஷ்-பேக்குக்கு, நூற்றுக்கணக்கில் ஒரே சரக்கு வருவது டிரைவ்-இன்னுக்கு. பெரும்பாலான கிடங்குகளுக்கு இரண்டு வகை கலந்துதான் தேவைப்படும்.